வெள்ளிக்கிழமை வட்டம்: நாலாம் வகுப்பு நாட்குறிப்பு

ஜூலை 5, 2024, வெள்ளி

கடைசி பீரியடில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு 23 பேரையும் தரையில் வட்டமாக உட்காரச் சொன்னேன். முட்டை வடிவம்தான் வந்தது. சாக்பீஸால் கோடு போட்ட பிறகுதான் கொஞ்சம் உருண்டையானது. நானும் கோட்டின் மேலேயே உட்கார்ந்தேன். நாற்காலி போட்டால் அது வகுப்பாகிவிடும்.

பந்து கையில் இருப்பவர் மட்டும் பேச வேண்டும் என்று ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தேன். மூன்றாவது ஆளிடம் போவதற்குள் அது உத்தரத்தில் மோதித் திரும்பியது.

“உங்களுக்கு எப்போது சந்தோஷமாக இருக்கும்?” என்று கேட்டேன். முதல் பெண் “பிறந்தநாளுக்கு” என்றாள். அதற்கப்புறம் வட்டம் முழுக்கப் பிறந்தநாள்தான். “எனக்கும் அதேதான் டீச்சர்” என்று பந்தைத் தள்ளிவிட்டார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. “எப்போது சந்தோஷம்” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

ஜூலை 12, வெள்ளி

பந்துக்குப் பதிலாக, ராமேஸ்வரத்தில் வாங்கி வீட்டில் சும்மா கிடந்த சங்கைக் கொண்டு போனேன். எறிந்தால் உடையும் என்பதால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறார்கள்.

மூன்று விதிகள். சங்கு வைத்திருப்பவர் மட்டும் பேசலாம். பேச விருப்பமில்லை என்றால் சங்கைக் காதில் ஒரு நொடி வைத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கலாம், யாரும் காரணம் கேட்கக் கூடாது. குறை சொல்லும்போது பெயர் சொல்லக் கூடாது, “ஒருத்தர்” என்று சொல்ல வேண்டும்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு நிமிஷம் என்றால் 23 நிமிஷம். 40 நிமிஷ பீரியடில் பெஞ்சைத் தள்ளவும் திரும்பப் போடவுமே பத்து போய்விடுகிறது. அதனால் முதல் சுற்றில் ஆளுக்கு ஒரே வாக்கியம். மிச்ச நேரம் ஒரே ஒரு விஷயத்துக்கு.

கேள்வியைப் பாதி வாக்கியமாகக் கொடுத்தேன்: “இந்த வாரம் எனக்கு எரிச்சல் வந்தது, ஏன்னா...” சங்கு புறப்படும் முன் பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிஷம் சொல்லிப் பார்க்க விட்டேன். இந்தத் தடவை “அதேதான்” நாலு பேர் மட்டும். தம்பி பென்சிலைக் கடித்தது, பஸ் நிற்காமல் போனது, அக்காவுக்கு மட்டும் முட்டை பெரிதாக வந்தது என்று தனித்தனியாக விழுந்தன.

ஜூலை 19, வெள்ளி

இவர்களிடம் எல்லா உணர்ச்சிக்கும் ஒரே சொல்தான் இருக்கிறது: கோபம். ஏமாந்தாலும் கோபம், பயந்தாலும் கோபம், பொறாமைப்பட்டாலும் கோபம்.

ஒரு சம்பவம் சொன்னேன். சந்தைக்குப் போன அம்மா ரிப்பன் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வாங்காமல் வருகிறார். என்ன தோன்றும்? “கோபம்!” சரி, அம்மாவிடம் காசு போதவில்லை என்று தெரிந்துவிட்டது. இப்போது? அமைதியாக இருந்தார்கள். அப்புறம் பல் விழுந்த பையன் சொன்னான்: “கோபம் போயிரும் டீச்சர். ஆனா வேற ஒண்ணு இருக்கும்.” அது உடம்பில் எங்கே இருக்கும் என்று கேட்டேன். தொண்டையைத் தொட்டுக் காட்டினான். கரும்பலகையில் ‘ஏமாற்றம்’ என்று எழுதினேன். கோபம் எங்கே என்றால் பாதிப் பேர் கையைக் காட்டினார்கள், சிலர் காதைக் காட்டினார்கள். பெயர் தெரியாத உணர்ச்சிக்கும் இடம் தெரிந்திருக்கிறது. இனி இடத்திலிருந்து பெயருக்குப் போக வேண்டும்.

ஜூலை 26, வெள்ளி

எனக்குப் பயிற்சிக் கூட்டம். வட்டம் இல்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்றைய பாதி வாக்கியம்: “என்னைச் சேர்த்துக்கலைன்னு தோணினது...”

ஒல்லியான பையன் ஒருவன், இதுவரை இரண்டு தடவை சங்கைக் காதில் வைத்துவிட்டுக் கொடுத்தவன், பேசினான். “விளையாடுறப்ப என்னையத்தான் எப்பவும் உப்புக்குச் சப்பாணியா வைக்கிறாங்க. சிவப்பு டவுசர் போட்ட ஒருத்தன்...” 22 தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. பெயர் சொல்லாமல் மாட்டிவிடும் வித்தையை நான் எதிர்பார்க்கவில்லை. டவுசர், சடை, வீடு எதையும் சொல்லக் கூடாது என்று விதியை நீட்டினேன்.

நடப்பது இதுதான். சின்ன இடைவேளையில் பையன்கள் 11 பேர். இரண்டு பேர் தலைவர்கள். மிச்சப் பேர் ஜோடி ஜோடியாகப் போய் ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வந்து, “உனக்கு எது வேணும்?” என்று உத்தி பிரிக்கிறார்கள். ஒன்பது பேர் ஜோடி சேர்ந்தால் ஒருவன் மிஞ்சுவான். அவன் ஆட்டத்தில் இருப்பான், ஆனால் அவுட் ஆனாலும் கணக்கில்லை, ஜெயித்தாலும் கணக்கில்லை. கருணை மாதிரி தெரியும் ஏற்பாடு. அந்தச் சொல்லும் நல்ல சொல் இல்லை.

“ஏன் இப்படிச் செய்றீங்க?” என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்டிருந்தால் விசாரணை தொடங்கியிருக்கும், எல்லோரும் தரையைப் பார்த்திருப்பார்கள். பதிலாக அவனிடம், “அப்ப உனக்கு எங்கே என்ன ஆச்சு?” என்றேன். “வயிறு காலியான மாதிரி.” அப்புறம் வட்டத்துக்கு ஒரு வாக்கியம் கொடுத்தேன்: “நாங்க இப்படிச் செஞ்சா உனக்கு உதவியா இருக்குமா?” ஐடியாவை அவனிடமே கேள்வியாகக் கேட்க வேண்டும், முடிவு அவனுடையது.

மூன்று ஐடியா வந்தது. நடுவராக இருக்கலாமா? வேண்டாம் என்றான். பெண்கள் ஆட்டத்துக்கு வரலாமா? வேண்டவே வேண்டாம். மூன்றாவது, மிஞ்சியவன் முதல் பாதி ஒரு கட்சியிலும் மறுபாதி அடுத்த கட்சியிலும் ஆடலாம், அவன் பாயிண்டும் சேரும். இதைச் சொன்னது சிவப்பு டவுசர்தான். ஒல்லிப் பையன் “ம்” என்றான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஒரு பெண் குழந்தை வீட்டில் இரவில் நடக்கும் ஒன்றைச் சொல்லத் தொடங்கினாள். இரண்டாவது வாக்கியத்தில் நிறுத்தினேன். “சொன்னது நல்லது கண்ணு, இதை நீயும் நானும் தனியா பேசலாம்” என்று சங்கை நானே வாங்கிக்கொண்டேன். வட்டத்தில் சொன்னது திங்கள்கிழமைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். மணி அடித்த பிறகு கேட்டேன், துருவவில்லை. “யார்கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர்” என்றாள். அந்த வாக்கு கொடுக்கக் கூடாது. “உனக்கு உதவுறவங்ககிட்ட மட்டும் சொல்வேன்” என்றேன். தலைமையாசிரியரிடம் போனேன், அங்கிருந்தே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசினோம். இதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 14, புதன்

ஜன்னல் வழியாக ஆட்டத்தைப் பார்த்தேன். பாதிப் பாதி ஏற்பாடு திங்களும் செவ்வாயும் ஓடியது. இன்று கட்சி மாறும் நேரத்தில் தகராறு. யாரிடமும் கடிகாரம் இல்லை, பாதி எது என்று எப்படித் தெரியும்? பத்து பாயிண்டுக்கு ஒருமுறை மாறுவது என்று அவர்களே முடிவு செய்தார்கள். வட்டத்துக்குக் கொண்டு வரவேயில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

வேறு பள்ளியிலிருந்து ஒரு பையன் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். ஆட்டத்தில் இப்போது 12 பேர், யாரும் மிஞ்சுவதில்லை. இன்று ஒருவன் காய்ச்சலில் வரவில்லை. மறுபடி 11. பத்து பாயிண்டு கணக்கு யாருக்கும் நினைவில்லை. நம்ம ஒல்லிப் பையன்தான் தலைவன். புதியவனைக் காட்டிச் சத்தமாகச் சொன்னான்: “இவன் உப்புக்குச் சப்பாணி!”

வட்டத்தில் நான் அதை எடுக்கவில்லை. எடுத்தால் அவன் ஒருவனை நடுவில் நிறுத்தியதாகிவிடும். பெஞ்சுகளைத் திரும்பப் போடும்போது அவனே என்னிடம் வந்து நின்றான், ஒன்றும் சொல்லாமல். “வயிறு?” என்று மட்டும் கேட்டேன். “எனக்கில்ல டீச்சர், அவனுக்கு” என்றான்.

அடுத்த வாரத்துக்குப் பாதி வாக்கியம் எழுதிவிட்டேன்: “எனக்குச் செஞ்சதை நான் வேற ஒருத்தருக்குச் செஞ்சது...” யாராவது முதலில் பேச வேண்டும். நானே தொடங்குவதாக இருக்கிறேன், பத்து வயதில் என் தங்கையின் ஸ்லேட்டை உடைத்ததிலிருந்து.