கண்ணீர் வராத சிவப்பு

முதலில் பெரியவனுக்குத்தான் வந்தது. எட்டு வயது. பள்ளியிலிருந்து தும்மிக்கொண்டே வந்தான், மறுநாள் 101 டிகிரி காய்ச்சல், தொண்டை வலி, இரண்டு கண்ணும் சிவந்து தண்ணீராய் ஊற்றியது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் பட்டாணி அளவில் நெறி கட்டியிருந்தது. அடினோ வைரஸாக இருக்கலாம், தானாகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அப்படியே நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. நெறி மட்டும் இரண்டு வாரம் இருந்து கரைந்தது.

அடுத்த வாரம் சின்னவளுக்குக் காய்ச்சல். மூன்று வயது. கண் சிவப்பு, கழுத்தில் வீக்கம். அண்ணனிடமிருந்து தொற்றியதுதான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்து போட்டார். மூன்றாம் நாள் பக்கத்து கிளினிக்கில் டான்சில் என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். நாலாம் நாள் முதுகிலும் வயிற்றிலும் சிவப்பாகத் தடித்தது, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அதை நிறுத்திவிட்டு வேறு ஒன்று எழுதினார்கள். காய்ச்சல் மட்டும் அசையவில்லை. பாராசிட்டமால் கொடுத்தால் 103 லிருந்து 101க்கு இறங்கும், நாலு மணி நேரத்தில் பழையபடி ஏறிவிடும்.

ஆறாம் நாள் வேறொரு குழந்தைகள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் முதலில் கேட்டது, "காலையில கண்ணுல பீளை ஒட்டியிருந்துச்சாம்மா? தண்ணி வடிஞ்சுதா?" அப்போதுதான் யோசித்தேன், இல்லை. அண்ணனுக்குத் துடைத்துத் துடைத்து துண்டே நனைந்தது, இவளுக்கு ஒரு சொட்டு வரவில்லை. வெளிச்சத்தில் கண்ணைக் காட்டினார்: வெள்ளை விழி முழுக்கச் சிவப்பு, ஆனால் கருவிழியைச் சுற்றி மெல்லிய வளையம் போல ஓர் ஓரம் மட்டும் வெள்ளையாகவே இருந்தது. கழுத்து வீக்கமும் வலப்பக்கம் மட்டும்தான், நெல்லிக்காய் அளவு. ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் என்றால் கணக்கில் எடுப்பாராம். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது, நாக்கு செக்கச்செவேல் என்று புள்ளி புள்ளியாய். பாதம் உப்பியிருந்ததால் செருப்பு ஏறவில்லை, அதையும் நான் அழுகையின் கணக்கில்தான் போட்டிருந்தேன். கடைசியாகச் சட்டைக் கையைத் தூக்கி பிசிஜி ஊசித் தழும்பைப் பார்த்தார். மூன்று வருஷத் தழும்பு, நேற்றுப் போட்டது மாதிரி சிவந்து தடித்திருந்தது.

கவாசாகி நோய் என்றார். எனக்கு மோட்டார் பைக்தான் ஞாபகம் வந்தது. டோமிசாகு கவாசாகி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர் 1967ல் எழுதிய நோயாம். ரத்தக் குழாய்கள் வீங்கும், முக்கியமாக இதயத்துக்கு ரத்தம் தரும் குழாய்கள். விட்டால் சுமார் நாலில் ஒரு குழந்தைக்கு அந்தக் குழாய் பலூன் மாதிரி உப்பிவிடலாம், காய்ச்சல் தொடங்கிப் பத்து நாளுக்குள் மருந்து ஏற்றினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். இதை உறுதி செய்ய என்று தனியாக ஒரு டெஸ்ட் கிடையாது. ஐந்து நாள் காய்ச்சலோடு கண், வாய், தடிப்பு, கை கால், கழுத்து என்ற ஐந்தில் நாலு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையும் இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவும் அதற்குத் துணை. எல்லாம் ஒரே நாளில் தெரிய வேண்டும் என்பதும் இல்லையாம். இவளுக்குத் தடிப்பு மங்கியிருந்தது, என் போனில் இருந்த போட்டோவை வைத்துத்தான் அதைச் சேர்த்தார்.

தட்டம்மையாக இருக்குமோ என்று நானே கேட்டேன். அதிலும் கண் சிவக்கும், ஆனால் மூக்கொழுகலும் இருமலும் கண்ணீரும் கூடவே இருக்கும், தடிப்பு காதுக்குப் பின்னாலும் முகத்திலும் தொடங்கி இறங்கும் என்றார். தடுப்பூசி அட்டையையும் வாங்கிப் பார்த்துக்கொண்டார்.

அன்றே அட்மிஷன். ஏற்றிய மருந்து இம்யூனோகுளோபுலின், தானம் கொடுத்தவர்களின் ரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்புப் புரதம், கிலோவுக்கு 2 கிராம். அவள் எடை பன்னிரண்டரை கிலோ, ஆக 25 கிராம், 5 கிராம் பாட்டில் ஐந்து. விலையைக் கேட்டு வீட்டுக்காரர் நகையை எடுத்துக்கொண்டு ஓடினார், அது தனிக்கதை. பன்னிரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏறியது, இரவு முழுக்க நர்ஸ் வந்து நாடியும் பிரஷரும் பார்த்தார். மறுநாள் மதியம் 99. ஏறி முடிந்து 36 மணி நேரத்துக்குப் பிறகும் காய்ச்சல் இருந்தால் இன்னொரு தடவை ஏற்ற வேண்டி வரலாம் என்றிருந்தார்கள், அதனால் அந்தத் தெர்மாமீட்டரை நான் கீழேயே வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, பதின்மூன்றாம் நாள், விரல் நுனியில் நகத்தடியிலிருந்து தோல் பாம்புச் சட்டை மாதிரி உரிந்தது. முதலிலேயே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. தினம் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரையில் பாதி, அதுவும் டாக்டர் எழுதிக் கொடுத்ததால்தான். காய்ச்சலுக்கு என்று குழந்தைக்கு யாரும் வீட்டில் ஆஸ்பிரின் தரக்கூடாது. அதைச் சாப்பிடும் நாட்களில் சின்னம்மை அல்லது ஃப்ளூ வந்தால் உடனே கூப்பிடச் சொன்னார்கள்.

இரண்டாம் வாரமும் ஆறாம் வாரமும் எக்கோ எடுத்தோம். இரண்டும் நார்மல், ஆஸ்பிரினை நிறுத்தினார்கள். அடுத்த எம்எம்ஆர், சின்னம்மை ஊசிகளை இம்யூனோகுளோபுலின் ஏறிய நாளிலிருந்து பதினொரு மாதம் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறார்கள், காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.