ரிவர்ட்டை ரிவர்ட் செய்து ரிவர்ட் செய்யவும்

2019-ல் பெங்களூரு பெல்லந்தூர் பக்கம் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். எங்கள் டீமில் ஆறு பேர், அதில் நான்கு பேர் தமிழ். மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். டெஸ்டிங் பார்த்த அக்காவுக்குத் தஞ்சாவூர். கோட் எழுதிய தம்பி திருநெல்வேலி. மெயில் அனுப்புவது என் பொறுப்பு. பிரச்சினை எங்கே தொடங்கியிருக்கும் என்று இப்போதே புரிந்திருக்கும்.

வாடிக்கையாளர் ஓஹாயோவில் இருந்த ஒரு ஆன்லைன் கடை. அவர்களுடைய பில்லில் ஒரு கோளாறு இருந்தது. கூப்பன் போட்டு வாங்கினால் டெலிவரி கட்டணம் இரண்டு தடவை ஏறிவிடும். 40 டாலர் பொருள், 5 டாலர் கூப்பன், 6 டாலர் டெலிவரி என்றால் 41 வரவேண்டும். 47 வந்தது. தம்பி coupon-fix என்று தனிக் கிளை ஒன்றில் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு சரிசெய்தான். வியாழக்கிழமை நம் நேரம் மாலை ஓஹாயோக்காரர் அதை மாஸ்டரில், அதாவது கடை ஓடும் முதன்மைக் கோடில், சேர்த்தார். மாஸ்டரில் கைவைக்கும் உரிமை அவருக்கு மட்டும்தான்.

அவர் கேட்டிருந்த வேறொரு கேள்விக்கும் அன்றே பதில் எழுதி முடித்திருந்தோம். நாங்கள் கேள்வி கேட்டுப் போட்டிருந்த டிக்கெட்டுக்கு அவர் பதில்தான் பாக்கி. ராத்திரி எட்டு மணி கேப்பைப் பிடிக்கும் அவசரத்தில் நான் தட்டிவிட்ட மெயில் இது:

"வி ஹேவ் ரிவர்ட்டட் ஆன் யுவர் டிக்கெட். கைண்ட்லி டூ த சேம் ஃபார் அவர்ஸ் டுடே."

உங்கள் டிக்கெட்டுக்குப் பதில் போட்டாச்சு, எங்களுடையதற்கு நீங்களும் போட்டுவிடுங்கள். இதில் என்ன தப்பு? இந்த நாட்டில் எந்த அலுவலகத்தில் காட்டினாலும் ஒருவரும் புருவம் உயர்த்தமாட்டார்கள்.

ஆனால் ஓஹாயோவில் ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது மட்டும்தான். பதில் என்ற அர்த்தமே அவர் காதில் விழுந்ததில்லை. போதாக்குறைக்கு, கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாக எழுதிவைக்கும் git-ல் அதே பெயரில் ஒரு கட்டளை இருக்கிறது, செய்த மாற்றத்தைத் திரும்ப எடுக்கும் கட்டளை. ஆக அவர் படித்தது: "உங்கள் மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிட்டோம். எங்களுடையதையும் அதேபோல இன்றைக்கே எடுத்துவிடுங்கள்." பாவம், தங்கமான மனிதர். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் செய்துகொடுத்துவிட்டார்.

வெள்ளி காலை அக்கா ஒரு கூப்பன் ஆர்டர் போட்டுப் பார்த்தார். 47.

"தம்பி, பழைய பேய் திரும்ப வந்திருச்சுப்பா."

தம்பி அசரவில்லை. ஏதோ சரியாகச் சேரவில்லை போல, தன் மெஷினில் இன்னொரு தடவை சேர்த்துப் பார்ப்போம் என்று மாஸ்டரைப் புதிதாக இறக்கிக்கொண்டு தட்டினான்.

```
$ git merge coupon-fix
Already up to date.
```

எல்லாம் ஏற்கனவே இருக்கிறது என்கிறது git. ஒன்றுமே இல்லை என்கிறது பில். "அண்ணே, எனக்குக் கண்ணு சரியாத்தான் தெரியுதா?" என்றான். வரலாற்றைத் திறந்த பிறகுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது.

```
$ git log --oneline -2
9c41e07 Revert "Merge branch 'coupon-fix'"
5b7d2a3 Merge branch 'coupon-fix'
```

git revert எதையும் அழிப்பதில்லை. வட்டிக்கடைக்காரர் கணக்குப் புத்தகம் மாதிரி. எழுதிய வரியை அடிக்காமல், கீழே எதிர்க்கணக்கு ஒன்று எழுதி நேர் செய்துவிடும். அதனால் தம்பியின் மாற்றங்கள் மாஸ்டரின் வரலாற்றில் அப்படியேதான் இருந்தன, பலன் மட்டும் இல்லை. மறுபடி சேர்க்கச் சொன்னால் git வரலாற்றைப் பார்த்து "இது முன்னாடியே வந்ததாச்சே" என்று கையை விரிக்கும். இதைவிட மோசமாகவும் ஆகியிருக்கலாம். தம்பி அதே கிளையில் புதிதாக ஒரு திருத்தம் எழுதிச் சேர்த்திருந்தால், அந்த ஒன்று மட்டும் உள்ளே வந்து, மூன்று வார வேலை வராமலே நின்றிருக்கும். பெரும்பாலும் எச்சரிக்கைகூட வராது.

இதற்கு வழி, எதிர்க்கணக்குக்கு ஒரு எதிர்க்கணக்கு எழுதுவதுதான்:

```
git revert 9c41e07
```

தட்ட வேண்டியவர் ஓஹாயோக்காரர். அவருக்குச் சொல்ல வேண்டியவன் நான். மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சுருக்கமா எழுதுங்க, நீட்டினாத்தான் குழப்பம்" என்றார். சுருக்கமாக எழுதினேன்:

"ப்ளீஸ் ரிவர்ட் த ரிவர்ட் அண்ட் ரிவர்ட்."

திரும்ப எடுத்ததைத் திரும்ப எடுத்துவிட்டு, பதில் போடுங்கள். எனக்கு அது ஒரு வெண்பா மாதிரி இருந்தது. மாலை வந்த பதில்: "நீங்கள் கேட்டபடி இரண்டு முறை ரிவர்ட் செய்தால் இப்போது இருக்கும் இடத்திலேயே நிற்போமே, பரவாயில்லையா?" கணக்கு சரிதான். எனக்குத்தான் தலை சுற்றியது.

சரி, பேசித் தீர்த்துக்கொள்வோம் என்று நம் நேரம் ஏழரைக்கு ஒரு கால் வைத்தோம். எட்டு மணி கேப் போய்விடுமே என்று மேனேஜர் தன் பங்குக்கு ஒரு மெயில் தட்டினார்: "கால் இஸ் ப்ரிபோன்ட் பை ஒன் ஹவர்." ஆறரைக்கு நான்கு பேரும் ஹெட்செட்டோடு உட்கார்ந்தோம். ஓஹாயோவில் அப்போது காலை ஒன்பது, அவர் அலுவலகத்துக்கு வந்திருக்க வேண்டும். ஏழு ஆனது. ஏழரை ஆனது. எட்டு மணி கேப் போனது. எட்டரைக்கு ஓஹாயோக்காரர் சிரித்த முகத்தோடு வந்தார். ப்ரிபோன் என்று ஒரு சொல்லை அவர் கேள்விப்பட்டதே இல்லை. போஸ்ட்போன் என்பதில் எழுத்துப்பிழை என்று நினைத்து, ஒரு மணி நேரம் தள்ளி வந்திருக்கிறார்.

"முன்னால் கொண்டுவருவதற்கு நாங்கள் மூவ் அப் என்போமே" என்றார். தம்பி மைக்கை அணைத்துவிட்டு, "மேல தள்ளுனா எந்தப் பக்கம்ணே?" என்றான். நியாயமான கேள்வி. ப்ரிபோனில் அந்தக் குழப்பமே கிடையாது. இத்தனைக்கும் நமக்கு மட்டும் சொந்தமான சொல்லும் இல்லை. 1913 டிசம்பரிலேயே நியூயார்க் டைம்ஸுக்கு ஒரு வாசகர், போஸ்ட்போனுக்கு ஒரு ஜோடி வேண்டும் என்று இதே சொல்லை முன்வைத்துக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் ஊர்க்காரர்கள் கண்டுகொள்ளவில்லை, நாம் எடுத்துவைத்துக்கொண்டோம். ப்ரிபோனுக்காக நான் இன்றும் சண்டைக்கு நிற்பேன். git வைத்திருக்கும் அலுவலகத்தில் ரிவர்ட்டுக்கு மட்டும் வக்காலத்து வாங்கமாட்டேன்.

கடைசியில் திரையைப் பகிர்ந்து, 9c41e07 என்று எண்ணைக் காட்டி, "இதை மட்டும், ஒரே ஒரு தடவை" என்றேன். தட்டினார்.

```
Revert "Revert "Merge branch 'coupon-fix'""
```

அக்கா ஆர்டர் போட்டார். 41.

அந்த நேரத்தில் சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி வீடு போய்ச் சேர்ந்த கதை தனி. மறுவாரம் டிக்கெட்டுக்கு அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: "ஐ வில் சர்க்கிள் பேக் டுமாரோ." தம்பி அதை இரண்டு தடவை படித்தான்.

"அண்ணே, இதுக்கு அவரு பதில் போடுவாருன்னு அர்த்தமா, பழையபடி ஆக்கிருவாருன்னு அர்த்தமா?"

பதில்தான் போடுவார் என்றேன். அவன் எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் காலை வந்ததும் முதல் வேலையாக git log-ஐத் திறந்தான்.