12 போய் 5 வந்த வாரம்: பாதியில் நின்ற ஆர்டர்களுக்கு பில் போட்ட கதை

2025 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. அன்றிலிருந்து அட்டைப்பெட்டிக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. வரி குறைகிறது, வாடிக்கையாளருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டால் போதும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். பாதி அனுப்பி பாதி பாக்கி நின்ற ஆர்டர்களை வைத்திருந்தவர்களுக்கு, பில் தொகையை எதிர்த்தரப்பு அக்கவுண்ட்ஸ் ஆட்களை ஒத்துக்கொள்ள வைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. பெட்டி சப்ளை செய்யும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வேறு சரக்கானாலும் பில்லில் மாட்டும் இடங்கள் ஏறக்குறைய இவைதான்.

முதல் சிக்கல், கடிதத்தை எப்போது அனுப்புவது என்பது. ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு செப்டம்பர் 3 இரவு வெளியானது. விகித அறிவிக்கை வந்தது 17ஆம் தேதி. நடுவில் இருந்த இரண்டு வாரத்தில் வாடிக்கையாளர்கள் ‘ஹோல்ட்’ போட ஆரம்பித்தார்கள். இதில் வேடிக்கை, உள்ளீட்டு வரி வரவு எடுக்கும் வாடிக்கையாளருக்கு 12 ஆனாலும் 5 ஆனாலும் பெட்டியின் அடக்கவிலை ஒன்றுதான். 12 கட்டினால் 12ஐயும் வரவு எடுத்துக்கொள்வார். அவருக்கு மிச்சமாவது, வரவு கணக்கில் சேரும்வரை முடங்கிக் கிடக்கும் கைப்பணம் மட்டுமே. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்ன இனிப்பு, காரக் கடைக்காரர்களுக்குத்தான் நிஜமான மிச்சம். ஏனென்றால் அவர்களால் வரவு எடுக்க முடியாது. இந்த இரண்டு வகைக்கும் ஒரே கடிதம் அனுப்பினால், காத்திருக்க வேண்டாதவரும் காத்திருப்பார். முதல் வகைக்கு “வரவு எடுப்பதால் உங்கள் அடக்கவிலை மாறாது, சரக்கை நிறுத்த வேண்டியதில்லை” என்று ஒரு வாக்கியம் சேர்த்ததும் பாதி ஹோல்ட் தானாக விலகியது.

ஆகவே கடிதம் இரண்டு தவணை. கவுன்சில் முடிவு வந்ததும் “அறிவிக்கை வந்தபின் இந்தத் தேதியிலிருந்து மாறும்” என்று ஒரு முன்தகவல். அறிவிக்கை வந்ததும் எண், தேதியோடு உறுதிக் கடிதம். இரண்டாவதைத்தான் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் கோப்பில் வைப்பார்கள். அதில் அறிவிக்கை எண் (மத்திய வரி விகித அறிவிக்கை 9/2025), எச்எஸ்என் 4819 10, பழைய விகிதம், புதிய விகிதம், அமலாகும் தேதி எல்லாம் இருக்க வேண்டும். ஆனால் வேலையை உண்மையில் முடித்தது கடிதம் அல்ல, இணைப்புத்தாள். அந்த வாடிக்கையாளரின் நிலுவை பர்ச்சேஸ் ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் எண், ஆர்டர் அளவு, 21ஆம் தேதி வரை பில் ஆனது, பாக்கி, பாக்கிக்கான புதிய மொத்தம். பொதுவான சுற்றறிக்கை மட்டும் போன இடங்களிலிருந்து “எங்கள் ஆர்டருக்கு எவ்வளவு?” என்ற போன் வந்துகொண்டே இருந்தது.

ஒரு கணக்கைப் பார்த்தால் விளங்கும். 10,000 பெட்டி, ஒன்று ₹42, வரி தனி. ஆர்டர் தொகை ₹4,20,000, 12 சதவீதம் ₹50,400, மொத்தம் ₹4,70,400. புரொஃபார்மா பில்லின்படி பாதியான ₹2,35,200 முன்பணம் செப்டம்பர் முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. 20ஆம் தேதிக்குள் 6,000 பெட்டி போய்விட்டது: ₹2,52,000, வரி ₹30,240, பில் ₹2,82,240. மீதி 4,000 பெட்டி 22க்குப் பிறகு: ₹1,68,000, வரி ₹8,400, பில் ₹1,76,400. பழைய விகிதத்தில் இது ₹1,88,160 ஆகியிருக்கும். ஆக ஆர்டர் மொத்தம் ₹4,58,640. வித்தியாசம் ₹11,760. முன்பணம் போக வாடிக்கையாளர் தர வேண்டியது ₹2,23,440.

இந்த இடத்தில் இரண்டு சண்டை வந்தது. ஒன்று, முன்பணம் பற்றி. “நாங்கள் முன்பணம் கட்டியது 12 இருந்தபோது, அதற்கான பங்குக்கு 12தானே?” என்று ஒரு அக்கவுண்டண்ட் விடாமல் கேட்டார். சரக்கைப் பொறுத்தவரை இல்லை. சரக்குக்கு வாங்கும் முன்பணத்துக்கு வரி கட்டும் கடமையை 2017 நவம்பரில் வந்த 66/2017 அறிவிக்கை எடுத்துவிட்டது. தவிர, விகிதம் மாறும்போது எந்த விகிதம் என்று சொல்லும் ஜிஎஸ்டி சட்டத்தின் 14ஆம் பிரிவைப் பார்த்தாலும், சப்ளையும் பில்லும் மாற்றத்துக்குப் பிறகு என்றால் புதிய விகிதம்தான், பணம் எப்போது வந்திருந்தாலும். சப்ளையும் பில்லும் முன்பே முடிந்திருந்தால் பழைய விகிதம், பணம் எப்போது வந்தாலும். இந்த இரண்டு வாக்கியத்தையும் கடிதத்தில் அப்படியே போட்டுவிடுங்கள். சேவைகளுக்கு மட்டும் முன்பணத் தேதி உண்மையிலேயே கணக்கில் வரும். அங்கே சப்ளை, பில், பணம் மூன்றில் எந்த இரண்டு மாற்றத்துக்கு ஒரே பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்து விகிதம். சரக்கு விற்பவர்கள் இதைத் தங்கள் கடிதத்தில் கலந்து குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது சண்டைதான் பெரியது. 20ஆம் தேதி சனிக்கிழமை பில் போட்டு லாரி கிளம்பி, 23ஆம் தேதி இறங்கிய சரக்கு. “எங்கள் கேட்டுக்கு வந்தது 22க்குப் பிறகு, 5 போட்டுத் தாருங்கள்.” சரக்கு நகரும் சப்ளையில் பில் போட வேண்டிய நேரம், சரக்கு நம் இடத்தை விட்டுக் கிளம்பும் நேரம். இறங்கும் தேதிக்கு இதில் வேலை இல்லை. 12தான். வழியில் இருந்த சரக்குக்கு ஈ-வே பில்லை ரத்து செய்து புதிதாக எடுக்க வேண்டியதில்லை என்று மறைமுக வரிகள் வாரியத்தின் கேள்வி-பதிலிலேயே இருந்தது. அதை அச்சடித்து அனுப்பியும் ஒரு பெரிய வாடிக்கையாளர் நிறுவனத்தில் “எங்கள் சிஸ்டம் 22க்குப் பிறகு 12ஐ எடுக்காது” என்று பில்லைத் திருப்பிவிட்டார்கள். சிஸ்டம் என்னவோ எடுக்கத்தான் செய்யும். பில் தேதி இருக்க வேண்டிய கட்டத்தில் சரக்கு வந்த தேதியை அடித்திருந்தார்கள். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு நேரடிப் பயணம் ஆயிற்று. இப்படித் திருப்பி வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: “எந்தத் தேதியைப் பதிவு செய்தீர்கள்?”

இதற்கு நேர் எதிரான ஆபத்து, பில் போட்டு லாரி கிளம்பாமல் நிற்பது. சனிக்கிழமை பில், ஞாயிறு லோடு ஆள் வரவில்லை, திங்கள் லாரி என்றால், பில் முன்னே, சப்ளை பின்னே. வீண் வாதத்துக்கு இடம். ஈ-இன்வாய்ஸ் போடுபவர்களுக்கு, போர்ட்டல் தரும் பில் பதிவு எண்ணான ஐஆர்என்னை ரத்து செய்ய 24 மணி நேரம்தான். அதுவும் ஈ-வே பில் உயிரோடு இருந்தால் போர்ட்டல் விடாது. முதலில் அதை ரத்து செய்ய வேண்டும். ரத்தான பில் எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது, திங்கட்கிழமை புதிய எண்தான். ஆகவே 20ஆம் தேதி மாலைக்குப் பிறகு, லாரி எடைமேடை தாண்டாமல் பில் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

அடுத்து, பர்ச்சேஸ் ஆர்டர். வரி தனி என்று எழுதிய ஆர்டரில் விலை ₹42 அப்படியே நிற்கும், வரி மட்டும் மாறும். ஆனாலும் பல நிறுவனங்களின் மென்பொருளில் ஆர்டரோடு வரிக் குறியீடு பூட்டப்பட்டிருக்கும். 5 சதவீத பில் வந்ததும் ஆர்டர், சரக்கு வரவு, பில் மூன்றும் ஒத்துப்போகவில்லை என்று பணம் நின்றுவிடும். சரக்கு அனுப்புவதற்கு முன்பே திருத்திய ஆர்டரை எழுத்தில் வாங்குங்கள். “பில்லை அனுப்புங்கள், பார்த்துக்கொள்கிறோம்” என்று பர்ச்சேஸ் பிரிவு போனில் சொல்வது அக்கவுண்ட்ஸ் பிரிவைக் கட்டுப்படுத்தாது.

வரி உட்பட விலை என்று எழுதிய ஆர்டர்தான் வம்பு. பெட்டி ₹47.04, எல்லாம் அடக்கம் என்று இருந்தால், உள்ளே இருப்பது ₹42 + 12 சதவீதம். 47.04ஐ அப்படியே வைத்து 5 சதவீதத்தில் பிரித்தால் அடிப்படை விலை ₹44.80 ஆகிவிடும். அதாவது வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் ₹2.80 ஏற்றியதாகும். நியாயமான புதிய விலை ₹44.10. பில்லிங் மென்பொருளில் ‘வரி உட்பட’ என்று டிக் போட்டிருந்த பொருட்களுக்கு இந்த ஏற்றம் சத்தமில்லாமல் நடக்கும். 22ஆம் தேதி முதல் பில்லில் அடிப்படை விலையைப் பழைய பில்லோடு வைத்துப் பாருங்கள், அங்கேயே தெரிந்துவிடும்.

பெட்டிக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் எரிச்சல். அதே நாளில் கிராஃப்ட் பேப்பர் 12இலிருந்து 18 ஆனது. வாங்குவதில் 18, விற்பதில் 5. வரவு கணக்கில் பணம் குவியும், கையில் வராது. தலைகீழ் வரி அமைப்புக்கான ரீஃபண்ட் கேட்கலாம், வரும்வரை நம் பணம்தான் முடங்கும். இதனால் விலையைக் கொஞ்சம் ஏற்றுவோம் என்று தோன்றும். ஏற்றலாம், ஆனால் வரி மாற்றக் கடிதத்தில் அதைச் சேர்க்காதீர்கள். சேர்த்தவர்களின் கடிதம் விலைப் பேச்சுவார்த்தையாக மாறி, வரி மாற்றத்துக்கான ஒப்புதலும் அதோடு சேர்ந்து தொங்கியது. விலைக்குத் தனிக் கடிதம், தனித் தேதி, அதுவும் புதிய ஆர்டர்களுக்கு மட்டும்.

மென்பொருள் மாற்றம் சின்ன வேலைதான்: பழைய விகிதத்தை அழிக்காமல் ‘22-9-2025 முதல்’ என்று புதிய விகிதத்தைச் சேர்க்க வேண்டும். பழைய ஆர்டரை இழுத்து பில் போடும்போது 6 + 6 லெட்ஜர்கள் கூடவே வரும். அவற்றை 2.5 + 2.5 ஆக மாற்றியதைக் கண்ணால் பார்த்துவிட்டு அச்சடியுங்கள். பில்லிலேயே சேர்த்துப் போடும் வண்டி வாடகைக்கும் பெட்டியின் விகிதமே போகும். அந்த வரியும் 12இல் நின்றுவிடாமல் பாருங்கள்.

கடைசியாக வந்து கழுத்தைப் பிடித்தது ரிஜெக்‌ஷன். முதல் 6,000இல் 300 பெட்டி ஒட்டு விட்டுப்போனது என்று அக்டோபரில் திரும்பி வந்தால், கிரெடிட் நோட் மூல பில்லின் விகிதத்தில்தான்: ₹12,600 + 12 சதவீதம் ₹1,512, ஆக ₹14,112. பதிலுக்கு அனுப்பும் 300 பெட்டி புதிய சப்ளை: ₹12,600 + ₹630, ஆக ₹13,230. வாடிக்கையாளர்கள் ₹13,230க்கே டெபிட் நோட் அனுப்பினார்கள், “ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிட்டதே” என்று. ஆகாது. அவர் 12 சதவீதத்தில் வரவு எடுத்திருக்கிறார், அந்த ₹1,512ஐத்தான் திருப்ப வேண்டும். கிரெடிட் நோட்டில் மூல பில் எண்ணும் தேதியும் போட்டு அனுப்பினால் இந்தப் பேச்சு சீக்கிரம் முடிகிறது. 2025-26 பில்களுக்கான கிரெடிட் நோட்டை 2026 நவம்பர் 30 வரை கணக்கில் காட்டலாம், ஆகவே 6 + 6 லெட்ஜர்களை அதுவரை யாரும் நீக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.