பிளவுஸ் கை இறுகுமா?

"வெயிட் தூக்கினா கை பெருசாயிடுமா, மாஸ்டர்?"

ஜிம்மில் சேரும் பெண்கள் படிவம் நிரப்பும்போதே கேட்கும் கேள்வி இது. "அதெல்லாம் ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டுப் பயிற்சியாளர்கள் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். கேட்டவருக்கு அது பதிலே இல்லை. மூன்றாவது வாரம் தொடை இறுக்கமாகத் தெரிந்தால், நாம் சொன்னது பொய் என்று முடிவு செய்து நின்றுவிடுவார். அவருக்கு இறுக்கம் தெரிவது உண்மைதான். அதன் காரணத்தை முன்கூட்டியே சொல்லாமல் விட்டதுதான் நம் தவறு.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 34, உயரம் 157 செ.மீ., எடை 62 கிலோ. நாள் முழுக்க நாற்காலி வேலை, எடை தூக்கிப் பழக்கமில்லை. "பெருசாயிடும்" என்பதற்கு அவர் என்ன பொருள் வைத்திருக்கிறார் என்று முதலில் கேட்க வேண்டும். எந்த இடம்? எதைப் பார்த்து அவருக்குத் தெரியும்? பெரும்பாலும் மேல்கையும் தோளும்தான் கவலையாக இருக்கும், அளவுகோல் பிளவுஸ் கையாக இருக்கும். அப்படியானால் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இப்போது சரியாகப் பொருந்துகிற பிளவுஸ் ஒன்றைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்கிறோம். தோள் எலும்பு முனைக்கும் முழங்கைக்கும் நடுவில், கையைத் தளரத் தொங்கவிட்டு, டேப்பை அழுத்தாமல் மூன்று முறை அளந்து சராசரியைக் குறித்துக்கொள்கிறோம். இடுப்பையும் தொடையையும் அதே போல. அளப்பது காலையில், பயிற்சிக்கு முன்னால். அடுத்த முறை அளப்பது அவருடைய மாதச் சுழற்சியின் அதே வாரத்தில். விலக்குக்கு முந்தைய நாட்களில் உடம்பில் நீர் கோத்து எடையும் சுற்றளவும் கூடுவது பலருக்கு இயல்பு. அந்த நாளின் அளவை வேறொரு வாரத்து அளவோடு ஒப்பிட்டால் இல்லாத வளர்ச்சி தெரியும்.

முதல் மூன்று வாரம் என்ன நடக்கும் என்பதைப் பயிற்சி தொடங்குமுன்பே சொல்லிவிட வேண்டும். பழக்கமில்லாத தசை வேலை செய்ததும் வலிக்கும், லேசாக வீங்கும். கூடவே, தசை தனக்கு வேண்டிய சர்க்கரைச் சத்தைக் கிளைக்கோஜனாகக் கூடுதலாகச் சேமிக்கத் தொடங்கும். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறக்குறைய 3 கிராம் நீரும் சேர்ந்து தங்கும். அதனால் தராசு ஒரு கிலோ வரை கூடக் காட்டலாம், ஜீன்ஸ் தொடையில் பிடிக்கலாம். அவ்வளவு தசை இரண்டு வாரத்தில் யாருக்கும் வளராது. புதிதாகத் தொடங்கும் பெண்ணுக்கு, சாப்பாடும் தூக்கமும் சரியாக அமைந்தால்கூட, மாதம் அரைக் கிலோ தசை கூடுவது நல்ல வளர்ச்சி. அதுவும் கால், முதுகு, கை என்று உடம்பு முழுக்கப் பிரிந்து சேரும். முதல் சில வாரங்களில் தூக்கும் எடை சட்டென்று ஏறுவதற்குப் பெரும்பங்கு காரணம், இருக்கிற தசையை நரம்பு நன்றாக இயக்கப் பழகுவதுதான்.

"பெண்களுக்குத் தசையே வளராது" என்று சொல்லிச் சமாதானப்படுத்துவதும் தவறு. வளரும். ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் பெண்களுக்கு இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அவர்கள் தொடங்கும்போதே உடம்பில் தசையும் அதிகம். அதனால் விகிதத்தில் வளர்ச்சி நெருக்கமாக இருந்தாலும் கிலோ கணக்கில் பெண்களுக்குக் குறைவாகவே கூடும். சிலருக்குத் தொடையும் பின்பகுதியும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் திரளும். இதையும் மறைக்காமல் சொன்னால்தான் மற்றதை நம்புவார்.

திட்டம் போடும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. பயந்தவருக்கு 2 கிலோ டம்பெல்லைக் கொடுத்து, "லைட் வெயிட், நிறைய ரெப்ஸ், டோன் ஆயிடும்" என்று எரிச்சல் எடுக்கும்வரை 25, 30 முறை செய்ய வைக்கிறார்கள். தசை வளர எடை கனமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. லேசான எடையானாலும், இனி முடியாது என்கிற கட்டம்வரை போனால் தசை ஏறக்குறைய அதே அளவு வளரும். அதோடு இந்த முறையில் ரத்தம் பாய்ந்து கை உப்பிவிடும். கண்ணாடியில் அதைப் பார்த்துத்தான் அவர் மிரண்டு போகிறார். பயந்தது நடப்பதுபோல் தெரிகிறது, வலிமையோ அந்த அளவுக்குக் கூடவில்லை. அளவு அதிகம் கூடாமல் வலிமை வேண்டுமென்றால் ஓரளவு கனமான எடை, குறைந்த ரெப்ஸ், குறைந்த செட், நல்ல ஓய்வு என்று போக வேண்டும்.

இவருக்கு வாரம் இரண்டு நாள் போதும். 8 கிலோ டம்பெல்லை நெஞ்சோடு பிடித்து காப்லெட் ஸ்குவாட், 20 கிலோ வெறும் ராடில் ரோமேனியன் டெட்லிஃப்ட், 5 கிலோ டம்பெல் இரண்டில் பெஞ்ச் பிரஸ், 7.5 கிலோவில் ஒரு கை ரோ. முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றும் 2 செட், 8 முறை. அசைவு பிடிபட்ட பிறகு 3 செட், 5 அல்லது 6 முறை. செட்டுக்கு நடுவில் 2 நிமிடம் ஓய்வு. ஒவ்வொரு செட்டையும், இன்னும் இரண்டு மூன்று முறை செய்ய முடியும் என்கிற நிலையில் நிறுத்த வேண்டும். கைக்கென்று தனியாக பைசெப்ஸ், ட்ரைசெப்ஸ் பயிற்சி வேண்டாம். பிரஸ்ஸிலும் ரோவிலும் அதற்கு வேலை கிடைத்துவிடுகிறது.

எடை கூட்டும்போது ஒரு இடத்தில் சிக்கும். 5 கிலோவுக்கு அடுத்து 7.5 கிலோ டம்பெல்தான் ரேக்கில் இருக்கும். பிரஸ்ஸில் அது ஒரே தாவலில் பாதி மடங்கு கூடுதல். அங்கே முதலில் 5 கிலோவிலேயே 6 முறையை 10 முறைவரை கொண்டுபோய், பிறகு 7.5 கிலோவில் 4 முறை என்று தொடங்க வேண்டும். அவசரப்பட்டால் தோள் காதை நோக்கி ஏறும், மணிக்கட்டு பின்னால் மடியும். அந்த இரண்டையும் கண்டால் எடையைக் குறைத்துவிட வேண்டும்.

நாம் பார்க்காத இடத்தில் நடக்கும் தவறு சாப்பாடு. பயிற்சி தொடங்கியதும் பசி கூடும். மாலையில் இரண்டு வடையும் சர்க்கரை போட்ட காபியும் சேர்ந்தால் ஏறக்குறைய 300 கலோரி. தினமும் இது தேவைக்கு மேல் போனால் மாதம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கொழுப்பு சேரும். வளர்கிற தசைமேல் அதுவும் படிந்தால் கை நிஜமாகவே தடிக்கும், பழி டம்பெல்லுக்குப் போகும். மாஸ் கெய்னர் டப்பாவை இவருக்கு விற்கவே கூடாது. அதில் பெரும்பங்கு மாவுச்சத்து. தினம் 75 முதல் 90 கிராம் புரதம் பருப்பு, முட்டை, தயிர், மீன், சுண்டல் என்று சாப்பாட்டிலிருந்தே வரும்படி, மற்றதைச் சற்றுக் குறைத்து மாற்றிக்கொண்டால் போதும்.

பன்னிரண்டாவது வாரம் அதே முறையில் அளக்கிறோம், அதே பிளவுஸைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறோம். அரை செ.மீ. வித்தியாசத்தைக் கணக்கில் எடுப்பதில்லை, அது டேப் பிடிக்கும் கையின் பிழையாகவும் இருக்கலாம். மேல்கை ஒன்றரை செ.மீ. கூடி இடுப்பும் கூடியிருந்தால் பேச வேண்டியது சாப்பாட்டைப் பற்றி. இடுப்பு இறங்கி மேல்கை மட்டும் கூடியிருந்தால் தசைதான். அப்போது பிரஸ்ஸையும் ரோவையும் எடை குறைக்காமல் நாளுக்கு ஒரே செட்டாக்கிவிடலாம். வலிமையைத் தக்கவைக்க முன்பு செய்ததில் மூன்றில் ஒரு பங்கு போதும். அளவு மேற்கொண்டு கூடாது. தசை இவ்வளவு மெதுவாக வளர்வதால், வேண்டாம் என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்த எப்போதும் நேரம் இருக்கிறது. இதை முதல் நாளே, "இந்த அளவு தாண்டினா இப்படிக் குறைப்போம்மா" என்று அவருடைய அட்டையில் எழுதிவிட்டால், பயத்தோடு வந்தவரும் எடையைத் துணிந்து எடுக்கிறார்.

குறைக்கலாமா என்று அன்றைக்கு அவரிடமே கேட்க வேண்டும். முடிவு அவருடையது. 12 வாரத்தில் ஸ்குவாட் 16 கிலோவுக்கும் டெட்லிஃப்ட் 40 கிலோவுக்கும் வந்து, கேஸ் சிலிண்டரை ஆள் கூப்பிடாமல் நகர்த்தப் பழகியவர்களில் சிலர் வேறு பதில் சொல்வார்கள்: "பிளவுஸ்ல உள்ள ஒரு தையல் விட்டிருக்கு மாஸ்டர், அதைப் பிரிச்சுக்கறேன். செட்டைக் குறைக்காதீங்க."