33 வருஷம் கழித்துப் போன பட்டம்

அனெட்டே ஷவான் 1980இல் டுசெல்டோர்ஃப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். 2013 பிப்ரவரியில் அது பறிபோனது. அப்போது அவர் ஜெர்மனியின் கல்வி அமைச்சர் (!). நேரடியாக முனைவர் பட்டம் படித்ததால் அவரிடம் இருந்ததே அந்த ஒரு பட்டம்தான். வழக்குப் போட்டும் 2014இல் தோற்றார்.

பிறர் எழுதிய விளக்கங்களை லேசாக வார்த்தை மாற்றி, அந்த இடத்தில் பெயர் சொல்லாமல் விட்டதுதான் குற்றச்சாட்டு. நூற்பட்டியலில் அந்தப் புத்தகம் இருந்தாலும் இது திருட்டாகவே எண்ணப்படும்.

குறிப்பெடுக்கும்போதே இது நடந்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எது நம் வரி, எது அவர் வரி என்று நமக்கே தெரியாது. அதனால் என் நோட்டில் அடுத்தவர் வரி சிவப்பு மையில், பக்க எண்ணோடு. ஆய்வேடு கொடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது, நோட்டுகள் இன்னும் பரணில்தான். வீட்டம்மா பழைய பேப்பர்காரருக்குப் போடச் சொல்கிறார்.