ஒரு 'அண்ணா'வை இத்தாலியனுக்குக் கொண்டுபோனபோது

வெள்ளவத்தையில் இத்தாலியன் படித்தபோது, இறுதிப் பரீட்சைக்கு முன் மூன்று பக்கத் தமிழ்க் கதையொன்றை மொழிபெயர்க்கத் தந்தார்கள். அடிக்குறிப்பு போடக் கூடாது. அதே மாதிரி வேலை உங்களுக்கும் வந்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

கதை யாழ்ப்பாணத்தில் நடக்கிறது. தாய்மாமன் மகளைக் கட்டலாம் என்ற நினைப்போடு ஒருவன் மாமா வீட்டுக்கு வருகிறான். சிறுவயது முதல் 'மச்சான்' என்று கூப்பிட்டவள், அன்றைக்கு "இருங்கோ அண்ணா, தேத்தண்ணி போடுறன்" என்கிறாள். அவ்வளவுதான் கதை. அந்த ஒரு சொல்லில் கல்யாணப் பேச்சு முடிந்துவிடுகிறது.

இத்தாலியனில் மச்சாளும் 'குஜீனா', சித்தப்பா மகளும் 'குஜீனா'. கட்டக்கூடிய முறை, கட்டக்கூடாத முறை என்ற பிரிவே அந்தச் சொல்லில் இல்லை. அண்ணாவுக்கு 'ஃபிராத்தெல்லோ' என்று போட்டேன். அப்படிக் கூப்பிட்டால் இளைஞர்கள் கூட்டாளியைக் கூப்பிடுவதுபோலக் கேட்கும், இல்லாவிட்டால் மடத்துத் துறவியை. சரி, தமிழ்ச் சொல்லையே விடுவோம் என்று 'அண்ணா' என எழுதினேன். வாசித்த ஆசிரியை, "யார் இந்தப் பெண்?" என்று கேட்டார். இத்தாலியில் அன்னா பெண் பெயர்! 'மச்சான்' இன்னொரு தொல்லை. ஆங்கிலப் பழக்கத்தில் சி, எச் என்று எழுதினால் அவர்கள் 'மக்கான்' என்றுதான் வாசிப்பார்கள்.

'இருங்கோ'வின் மரியாதைக்காக, 'நீங்கள்' என்பதற்கு வரும் 'லெய்' போட்டதும் பிழை. ஒரே வயது உறவினர் அங்கே 'து', அதாவது 'நீ' என்றுதான் பேசுவார்கள். திடீரென்று 'லெய்' வந்தால் விலகல் தெரியாது, சண்டை பிடித்ததுபோலத்தான் தெரியும். ஆகவே 'து'வையே வைத்துக்கொண்டு, விலகல் முழுவதையும் உறவுச் சொல்லின் மேல் ஏற்றினேன்.

அதற்குக் கதையின் முன்பக்கத்தில் இரண்டு இடம் கிடைத்தது. அவள் தன் சொந்தத் தமையனைக் கிணற்றடியிலிருந்து கூப்பிடும் காட்சி ஒன்று. அங்கே பெண் பெயராகத் தெரியாதபடி 'அண்ணன்' என்று எழுதி, அடுத்த வசனத்தில் 'அவளுடைய மூத்த சகோதரன்' வெளியே வருவதாக வைத்தேன். அம்மம்மா "மாமன்ர பெட்டைதானே, முறைதானே" என்று சொல்லும் இடம் மற்றது. அதில் 'அத்தை, மாமன் பிள்ளைகள் கல்யாணம் செய்யலாம், அதனால்தான் அவர்கள் மச்சான் என்று கூப்பிடுகிறார்கள்' என்று அரை வசனம் கூட்டினேன். மச்சானை இரண்டு சி, பிறகு ஐ, ஏ போட்டு எழுத, உச்சரிப்பும் சரியாக வந்தது.

இந்த அளவுக்கு மேல் விளக்கம் கூட்டாதீர்கள். மாமி, சித்தப்பா எல்லோரையும் தமிழிலேயே விட்டால் இந்த இரண்டு சொல்லும் கூட்டத்தில் காணாமல் போகும். அவர்களுக்கு 'ட்ஸியா', 'ட்ஸியோ' போதும்.

திருத்தியதைத் தமிழே தெரியாத ஆசிரியையிடம் கொடுத்து, கடைசியில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். முதல் பிரதிக்கு, "அன்பாகத் தேநீர் கொடுக்கிறாள்" என்றிருந்தார். இம்முறை கடைசி வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "ஐயோ, மாட்டேன் என்றுவிட்டாளே" என்றார்.