சிக்னல் முழுசாக இருந்தும் நெட் வரவில்லை

தங்கையைப் பார்க்கக் கோலாலம்பூர் கிளம்பும் முன், வேலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் ரோமிங் பேக் போட்டேன். "இறங்கினதும் தானா வேலை செய்யும் சார்" என்றார் கடைத் தம்பி. குடியாத்தத்தில் வீட்டிலும் அதையே சொல்லிவிட்டு வந்தேன்.

இறங்கியதும் சிக்னல் கோடுகள் முழுசாக வந்தன. வாட்ஸ்அப் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் இரண்டாவது டெர்மினலில், மாப்பிள்ளை முதல் டெர்மினலில் காத்திருக்கிறார். சொல்ல வழியில்லை.

முதல் தவறு என்னுடையது. செட்டிங்ஸில் அந்த சிம்முக்குள் போய்ப் பார்த்தால் Data Roaming ஆஃப். பேக் போட்டாலும் இந்த சுவிட்ச் தானாக மாறாது. ஆனால் பேக் ஆக்டிவ் ஆகாமல் இதை ஆன் செய்தால் பணம் எக்கச்சக்கமாகப் போகும். அதனால் ஏர்போர்ட் வைஃபையில் கம்பெனி ஆப்பைத் திறந்து பேக் ஓடுகிறது என்று பார்த்த பிறகே ஆன் செய்தேன். அப்போதும் நெட் வரவில்லை.

அந்த வைஃபையிலேயே மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். "மச்சான், எஸ்எம்எஸ் ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டார். வந்திருந்தது. விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்ட அந்த ஆங்கில மெசேஜில்தான், பேக் எந்தெந்த நெட்வொர்க்கில் செல்லும் என்று இருந்தது. என் போன் பிடித்திருந்த பெயர் அதில் இல்லை. இங்கே பல கம்பெனிகளின் டவர் உண்டு. போன் தனக்குக் கிடைத்த ஒன்றில் ஒட்டிக்கொள்ளும். அங்கே எஸ்எம்எஸ் வரும், ஆனால் நம் கம்பெனியோடு டேட்டா ஒப்பந்தம் இல்லையென்றால் நெட் வராது. Data Roaming ஆனில் இருந்தும், எஸ்எம்எஸ் வந்து நெட் மட்டும் செத்திருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

Network operators பக்கத்தில் Select automatically என்பதை ஆஃப் செய்தேன். இரண்டு மூன்று நிமிடம் தேடிவிட்டுப் பெயர்களைக் காட்டியது. மெசேஜில் இருந்த பெயரைத் தொட்டு, ஏரோபிளேன் மோடை ஒருமுறை போட்டு எடுத்தேன். மேலே 4ஜி எழுத்து தெரிந்ததும் தங்கையின் ஏழெட்டு மெசேஜ் ஒன்றாக வந்து விழுந்தன. அப்போதுதான் மூச்சு வந்தது.

பேக் முடிந்ததும் பாஸ்போர்ட்டைக் காட்டி லோக்கல் சிம் வாங்கினேன். அது சுலபம். டேட்டாவை இரண்டாவது சிம்முக்கு மாற்றி, இந்திய சிம்மில் Data Roaming-ஐ மட்டும் ஆஃப் செய்தேன். பேங்க் ஓடிபி வர அந்த சிம் போனில் ஆனில் இருக்க வேண்டும், கம்பெனியின் ரோமிங் சேவையும் நிற்காமல் இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். சென்னையில் இறங்கியபோது இந்திய சிம்மில் "சேவை இல்லை" என்று வந்தது. வேலூரிலிருந்து வந்த கார் டிரைவர் வெளியே தேடிக்கொண்டிருந்தார். போன் இன்னும் மலேசிய நெட்வொர்க்கையே தேடியபடி இருந்திருக்கிறது. Select automatically-ஐத் திரும்ப ஆன் செய்தேன், அரை நிமிடத்தில் அவர் அழைப்பு வந்தது.